உதாரண ஸ்லைடிலிருந்து சூழல் கேள்வியும் விடைக்குறிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வணிகவியல் பாடத்தின் ஸ்லைடு தொகுப்பு எதை எடுத்தாலும் நடுவில் ஒரு உதாரண ஸ்லைடு இருக்கும். தேர்வு நெருங்கும்போது ஆசிரியர்கள் பலரும் அந்த ஸ்லைடைத்தான் திறந்து வைத்துக்கொண்டு வினாத்தாளுக்குக் கேள்வி தேடுகிறார்கள். இங்கே ஒரே ஒரு ஸ்லைடை எடுத்துக்கொள்கிறேன். தலைப்பு இலாப நட்டமற்ற புள்ளி. ஸ்லைடில் இருப்பது இவ்வளவுதான்: பை தைக்கும் நிறுவனம் ஒன்று, மாத நிலையான செலவு 60,000, ஒரு பையின் விலை 500, ஒரு பைக்கான மாறும் செலவு 300, ஆகவே 300 பைகள் விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

நாணயக் குறியை உங்கள் வினாத்தாள் வழக்கப்படி போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்லைடில் இருக்கிற உதாரணத்தையே அப்படியே கேள்வியாகக் கொடுத்தால் என்ன தப்பு?

வகுப்பைக் கவனித்தவருக்கு '300' நினைவில் இருக்கும். அவர் கணக்கே போடாமல் விடை எழுதிவிடுவார். அப்போது நீங்கள் சோதித்தது நினைவாற்றலை.

இந்த ஸ்லைடில் இன்னொரு கோளாறும் உண்டு. மாறும் செலவும் 300, விடையும் 300. புரியாமல் ஏதோ ஒரு எண்ணை எடுத்து எழுதியவருக்கும் சரியான விடை கிடைத்துவிடும். திருத்துபவருக்கு இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. வகுப்பில் விளக்குவதற்கு இது ஒரு குறையே இல்லை. தேர்வில்தான் இடிக்கும்.

அப்போ ஸ்லைடிலிருந்து எதை எடுக்கணும், எதை விடணும்?

கருத்தை எடுங்கள். தொழில், எண்கள், முடிவு மூன்றையும் விடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஸ்லைடு சொல்லாமல் விட்டதை எழுதிப் பாருங்கள். உதாரணம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக எத்தனையோ விஷயங்களை மறைத்து வைத்திருக்கும். தயாரித்ததெல்லாம் விற்றுவிடுகிறது, எல்லாருக்கும் ஒரே விலை, எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கலாம், பணம் உடனே கைக்கு வருகிறது என்றெல்லாம் இந்தப் பை ஸ்லைடு வாய்விடாமல் எடுத்துக்கொள்கிறது. ஸ்லைடின் அடியில் பேச்சாளர் குறிப்பு இருந்தால் அதையும் படியுங்கள், சில எடுகோள்கள் அங்கே ஒளிந்திருக்கும்.

சூழல் கேள்வி பிறக்கும் இடம் இந்த மறைந்த எடுகோள்கள்தான். அவற்றில் சிலவற்றை உடைத்தால் போதும். நான் கீழே உடைத்திருப்பவை மூன்று: தயாரிப்புத் திறனுக்கு ஓர் எல்லை உண்டு; ஒரு வாடிக்கையாளர் குறைந்த விலை கேட்கிறார்; அவரே கடனும் கேட்கிறார். நான்கையும் உடைத்தால் கேள்வி ஒரு பக்கம் தாண்டும். படித்து முடிக்கவே பாதி நேரம் போய்விடும்.

எண்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? சும்மா மாற்றிப் போட்டால் போதாதா?

போதாது. மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒவ்வொரு தவறும் வெவ்வேறு விடையில் போய் நிற்கும்படி எண்கள் அமைய வேண்டும். அப்போதுதான் விடையைப் பார்த்தே எங்கே சறுக்கினார் என்று சொல்ல முடியும்.

நிலையான செலவு 56,000, விலை 400, மாறும் செலவு 240 என்று வைக்கிறேன். விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் ஒரு அலகின் பங்களிப்பு 160. சரியான விடை 56,000 ÷ 160 = 350. நிலையான செலவை விலையால் வகுத்தவருக்கு 140 வரும். மாறும் செலவால் வகுத்தவருக்கு 233.33 வரும். மூன்றும் ஒன்றோடொன்று மோதவில்லை, கொடுத்த எண்களோடும் மோதவில்லை. சரியான விடை முழு எண்ணாகவும் இருக்கிறது. முதல் பகுதியிலேயே தசமம் வந்துவிட்டால் நல்ல மாணவரும் தன் விடையைச் சந்தேகித்து மறுபடி போடுவார்.

சரி, முழுக் கேள்வியையும் ஒருமுறை காட்ட முடியுமா?

இதோ:

> ஒரு பட்டறை மர நாற்காலிகளை மட்டும் தயாரிக்கிறது. மாதத்துக்கு 500 நாற்காலிகள் வரை தயாரிக்க முடியும். இப்போது மாதம் 420 நாற்காலிகள் தயாரித்து, ஒன்று 400 வீதம் ரொக்கத்துக்கு விற்கிறது. ஒரு நாற்காலிக்கான மாறும் செலவு 240. மாத நிலையான செலவு 56,000. எல்லாச் செலவுகளுக்கும் அந்தந்த மாதத்திலேயே பணம் கொடுக்கப்படுகிறது. பட்டறையில் இருப்புச் சரக்கு எதுவும் இல்லை.
>
> ஒரு விடுதி அடுத்த மாதத்துக்குள் 100 நாற்காலிகள் வேண்டும் என்று கேட்கிறது. ஒன்றுக்கு 300 தருவதாகச் சொல்கிறது. நாற்காலிகள் கிடைத்து 60 நாள் கழித்துத்தான் பணம் தரும். ஆர்டரைப் பிரித்துக் கொடுக்க விடுதி சம்மதிக்கவில்லை. அடுத்த மாதமும் வழக்கமான வாடிக்கையாளர்கள் 420 நாற்காலிகள் கேட்பார்கள் என்று உரிமையாளர் எதிர்பார்க்கிறார்.
>
> (அ) மாதாந்திர இலாப நட்டமற்ற புள்ளியைக் கணக்கிடுக. (3)
> (ஆ) இப்போதைய மாத இலாபத்தைக் கணக்கிடுக. (2)
> (இ) விடுதியின் ஆர்டரை ஏற்றால் அடுத்த மாத இலாபம் எவ்வளவு மாறும் என்று கணக்கிடுக. (4)
> (ஈ) உரிமையாளர் இந்த ஆர்டரை ஏற்க வேண்டுமா? காரணங்களோடு பரிந்துரை செய்க. (6)

'இருப்புச் சரக்கு எதுவும் இல்லை', 'பிரித்துக் கொடுக்க சம்மதிக்கவில்லை' என்ற இரண்டு சின்ன வாக்கியங்களையும் வெட்டிவிடாதீர்கள். முதலாவது இல்லாவிட்டால் 'குடோனில் இருப்பதை எடுத்துக் கொடுக்கலாம்' என்று ஒருவர் எழுதுவார். இரண்டாவது இல்லாவிட்டால் '80 மட்டும் கொடுக்கலாம்' என்பார். இரண்டும் புத்திசாலித்தனமான பதில்கள். ஆனால் விடைக்குறிப்பில் அவற்றுக்கு இடமிருக்காது, திருத்துபவர் திண்டாடுவார். சூழலில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் ஏதாவது ஒரு பகுதிக்கு உதவ வேண்டும், அல்லது ஒரு ஓட்டையை அடைக்க வேண்டும். இரண்டும் இல்லாத வாக்கியம் அலங்காரம். உரிமையாளரின் தாத்தா பட்டறையைத் தொடங்கிய கதை இங்கே தேவையில்லை.

விடைக்குறிப்பை எங்கிருந்து தொடங்கறது?

கேள்வியை நீங்களே உட்கார்ந்து எழுதி முடிப்பதிலிருந்து. மனக்கணக்காகப் போட்டுப் பார்ப்பது எழுதியதாகாது. மாணவர் எழுதுவது போல வரி வரியாக எழுதுங்கள். அந்த வரிகள்தான் மதிப்பெண்கள் உட்காரும் இடங்கள்.

(அ)வுக்குப் பங்களிப்பு 160 என்று கண்டதற்கு 1, 56,000ஐ அதனால் வகுத்ததற்கு 1, 350 நாற்காலிகள் என்ற விடைக்கு 1. வழிமுறை காட்டாமல் 350 என்று மட்டும் எழுதினால்? நான் முழு 3ஐயும் தருவேன். கேள்வி 'கணக்கிடுக' என்றுதான் கேட்கிறது, 'வழிமுறையைக் காட்டுக' என்று கேட்கவில்லை. உங்களுக்கு இது பிடிக்கவில்லை என்றால் கேள்வியில் அந்த வார்த்தையைச் சேருங்கள். கேள்வியில் கேட்காததை விடைக்குறிப்பில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அலகை எழுதாமல் வெறும் 350 என்று விட்டால் மதிப்பெண் குறைப்பதா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். இந்தக் கேள்வியில் குறைக்க மாட்டேன்.

(ஆ)வுக்கு இரண்டு வழி உண்டு. 420லிருந்து 350ஐக் கழித்து, மீதி 70ஐ 160ஆல் பெருக்கலாம். அல்லது 420 × 160 = 67,200லிருந்து 56,000ஐக் கழிக்கலாம். எப்படிப் போட்டாலும் 11,200. விடைக்குறிப்பில் இரண்டையும் எழுதி வையுங்கள். ஒரு வழியை மட்டும் எழுதி வைத்தால், அவசரத்தில் திருத்துபவர் மற்றதைத் தவறு என்று அடித்துவிடுவார்.

(அ)வில் தப்பாகப் போட்டவர் (ஆ)விலும் மதிப்பெண் இழக்கணுமா?

வேண்டியதில்லை. ஒரே தவறுக்கு இரண்டு தண்டனை கூடாது. சர்வதேசத் தேர்வு வாரியங்களின் விடைக்குறிப்புகளில் 'சொந்த எண் விதி' என்று ஒன்று இருக்கும். முன் பகுதியில் மாணவருக்கு வந்த எண் தவறாக இருந்தாலும், அதை அடுத்த பகுதியில் சரியான முறையில் பயன்படுத்தினால் அந்த முறைக்கு மதிப்பெண் உண்டு.

ஒருவர் (அ)வில் 140 என்று எழுதிவிட்டார். (ஆ)வில் 420 − 140 = 280, அதை 160ஆல் பெருக்கி 44,800 என்கிறார். (ஆ)வில் முறை சரி. 2 மதிப்பெண்ணும் அவருக்கு உரியது. ஆனால் அதே 280ஐ விலை 400ஆல் பெருக்கினால் 1 மட்டும்தான். பங்களிப்புக்குப் பதிலாக விலையை எடுத்தது இந்தப் பகுதியில் நடந்த தவறு, முன்பகுதியிலிருந்து வந்த எண்ணை அதற்குக் காரணம் காட்ட முடியாது.

திருத்தும்போது ஒவ்வொரு தாளிலும் இதை யோசித்துக்கொண்டிருக்க முடியாது. விடைக்குறிப்பில் எந்த மதிப்பெண்ணுக்கு இந்த விதி பொருந்துமோ, அதன் பக்கத்தில் 'சொ.எ.' என்று குறித்துவிடுங்கள். பொருந்தாத இடத்தில் எதுவும் வேண்டாம்.

(இ)யில் பெரும்பாலும் எங்கே மாட்டுவார்கள்?

இரண்டு பொறிகள் இருக்கின்றன. இரண்டும் வேண்டுமென்றே வைத்தவை.

முதலாவது திறன் எல்லை. 500லிருந்து 420 போக மீதி 80தான். விடுதி கேட்பது 100. ஆக, வழக்கமான வாடிக்கையாளர்களுக்கான 20 நாற்காலிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். சரியான கணக்கு இப்படிப் போகும்: ஆர்டரின் பங்களிப்பு ஒன்றுக்கு 60, நூறுக்கு 6,000. இழக்கும் பங்களிப்பு 20 × 160 = 3,200. வித்தியாசம் 2,800. இலாபம் 11,200லிருந்து 14,000 ஆகும். இதைக் கவனிக்காதவர் 6,000 கூடும் என்று எழுதுவார்.

இரண்டாவது இன்னும் ஆழமானது. நிலையான செலவை 420ஆல் வகுத்து, ஒரு நாற்காலிக்கு 133.33 என்று கண்டு, அதோடு 240ஐச் சேர்த்து, 'ஒரு நாற்காலியின் அடக்கம் 373.33, விடுதி தருவது 300, ஆகவே ஒவ்வொன்றிலும் 73.33 நட்டம்' என்று எழுதுவார்கள். படித்தால் தர்க்கமாகத்தான் தெரியும். ஆனால் ஆர்டரை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் 56,000 செலவாகத்தான் போகிறது. அதை இந்த முடிவின் மேல் சுமத்தக் கூடாது.

நான்கு மதிப்பெண்ணை இப்படிப் பிரிப்பேன்: ஆர்டரின் பங்களிப்பு 6,000க்கு 1, மீதித் திறன் 80 என்றோ, 20 நாற்காலி குறையும் என்றோ கண்டதற்கு 1, இழந்த பங்களிப்பு 3,200க்கு 1, சொ.எ.; ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து 2,800 கூடும் என்று முடித்ததற்கு 1, சொ.எ. முதல் பொறியில் விழுந்தவருக்கு 1 கிடைக்கும். இரண்டாவதில் விழுந்தவர் திறன் எல்லையையாவது கவனித்திருந்தால் 1, இல்லாவிட்டால் 0.

முதல் தடவை இப்படியொரு கேள்வி தயாரித்தபோது இரண்டாவது பொறிக்கு விடைக்குறிப்பில் எதுவுமே எழுதாமல் விட்டுவிட்டேன். திருத்திய இருவரில் ஒருவர் 'முயற்சி'க்கு 2 கொடுத்தார், மற்றவர் 0. பாதித் தாள்களை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து, எதிர்பார்க்கும் தவறான விடைகளையும் அவற்றுக்கான மதிப்பெண்ணையும் சரியான விடைக்குக் கீழேயே எழுதி வைக்கிறேன்.

'பரிந்துரை செய்க' என்ற பகுதிக்கு எப்படி மதிப்பெண் போடறது? எல்லாரும் ஏதாவது எழுதுவாங்களே.

இங்கே 'ஒரு பாயிண்டுக்கு ஒரு மதிப்பெண்' முறை வேலைக்கு ஆகாது. ஆறு பாயிண்டுகளைத் தந்தி போல அடுக்கியவர் 6 வாங்கிவிடுவார். ஒரே காரணத்தை ஆழமாக அலசி முடிவு சொன்னவருக்கு 2தான் கிடைக்கும். அதனால் படிநிலை முறையில் போடுங்கள்.

முதல் படி 1 முதல் 2 வரை. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பொதுவான பேச்சு இதில் அடங்கும். 'ஆர்டர் வந்தால் இலாபம் கூடும், வாடிக்கையாளர் கூடுவார்' என்பது போல.

இரண்டாம் படி 3 முதல் 4 வரை. சூழலில் இருக்கும் தகவலை எடுத்து, அதனால் என்ன ஆகும் என்று காட்ட வேண்டும். 'இலாபம் 2,800 கூடுகிறது, ஆனால் 20 நாற்காலிகளுக்கான வாடிக்கையாளர்கள் அவை கிடைக்காமல் வேறு கடைக்குப் போகலாம். அவர்கள் திரும்பி வராவிட்டால் ஒவ்வொரு மாதமும் 3,200 போகும்' என்று எழுதினால் அது இந்தப் படி.

மூன்றாம் படி 5 முதல் 6 வரை. இரண்டு பக்கத்தையும் எடை போட்டு, எது ஏன் கனமானது என்று சொல்லி முடிவுக்கு வர வேண்டும்.

இந்தப் படியைத் தொட இந்தச் சூழலில் ஒரு நல்ல கதவு இருக்கிறது: பணம். ஆர்டரை ஏற்ற மாதத்தில் பட்டறை 400 நாற்காலிகளைத்தான் ரொக்கத்துக்கு விற்கிறது. உள்ளே வருவது 1,60,000. வெளியே போவது 500 நாற்காலிகளின் மாறும் செலவு 1,20,000, நிலையான செலவு 56,000, ஆக 1,76,000. ஏட்டில் இலாபம் 14,000. கையிலோ 16,000 பற்றாக்குறை. விடுதியின் 30,000 வரும் வரை இதை எங்கிருந்தாவது சமாளிக்க வேண்டும். எல்லாரும் இந்த எண்களைப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. '60 நாள் கடன் என்பதால் அந்த மாதம் கையில் பணம் குறையும், உரிமையாளரிடம் கையிருப்பு இருக்கிறதா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும்' என்று எழுதினாலே மூன்றாம் படியின் வாசலுக்கு வந்துவிட்டார்.

'ஏற்கக் கூடாது' என்று எழுதினால் தப்பா?

இல்லை. (ஈ)யில் எந்தப் பக்கம் நின்றாலும் 6 வரை கிடைக்கலாம் என்று விடைக்குறிப்பின் மேலேயே எழுதுங்கள். 2,800க்காக 20 நாற்காலிகளுக்கான பழைய வாடிக்கையாளர்களை இழப்பதும் 16,000 பற்றாக்குறையைச் சுமப்பதும் வேண்டாம் என்பது முழுக்க நியாயமான முடிவு. ஒரே நிபந்தனை, (இ)யில் அவர் கண்ட எண்ணோடு முடிவு முரண்படக் கூடாது. 'நட்டம்' என்று கணக்கிட்டுவிட்டு, காரணமே சொல்லாமல் 'ஏற்கலாம்' என்றால் இரண்டாம் படியைத் தாண்ட விட மாட்டேன்.

373.33 என்ற தவறான அடக்கத்தோடு வந்து 'ஏற்கக் கூடாது' என்பவருக்கு? (இ)யில் ஏற்கெனவே இழந்துவிட்டார். இங்கே அவருடைய எண்ணை ஏற்றுக்கொண்டு மற்ற வாதங்களை மட்டும் பாருங்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

100 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரத் தேர்வென்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், 15க்கு 27 நிமிடம். நீங்கள் எழுத 9 நிமிடத்துக்கு மேல் ஆனால் மாணவருக்கு நேரம் பற்றாது என்பது என் கைக்கணக்கு.

கேள்வி சரியா வந்திருக்கா என்று தேர்வுக்கு முன்னாடி எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஸ்லைடைப் பார்க்காத ஒரு சக ஆசிரியரிடம் கேள்வியை மட்டும் கொடுங்கள், விடைக்குறிப்பு வேண்டாம். அவருக்கு (இ)யில் 2,800 வராவிட்டால், சண்டை போடாமல் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் சூழலில் ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கும். 'அடுத்த மாதமும் 420 கேட்பார்கள்' என்ற வரி என் முதல் வரைவில் இல்லை. படித்தவர் 'அடுத்த மாதம் விற்பனை குறைந்தால்?' என்று கேட்ட பிறகுதான் சேர்த்தேன்.

அதோடு, சூழலை மறைத்துவிட்டு (ஈ)யை மட்டும் படித்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தை ஒப்பித்தே 3 மதிப்பெண்ணுக்கு மேல் வாங்க முடிகிறது என்றால் படிநிலையை இறுக்க வேண்டும். இந்தக் கேள்வியில் ஒப்பிப்பவர் 2ல் நின்றுவிடுவார்.

அடுத்த வருஷமும் இதே ஸ்லைடிலிருந்து கேள்வி எடுக்கலாமா?

எடுக்கலாம். நாற்காலியை மேசையாக்கினால் மட்டும் போதாது, பழைய வினாத்தாள் எல்லார் கையிலும் இருக்கும். முடிவு திசை மாற வேண்டும். இந்தக் கேள்வியிலேயே அதற்கு ஒரு நல்ல எல்லைக்கோடு இருக்கிறது. விடுதி தரும் விலை 272 ஆக இருந்தால் ஆர்டரின் பங்களிப்பு 3,200, இழப்பதும் 3,200, இலாபம் நகரவே நகராது. விலையை 265 என்று வைத்துப் பாருங்கள். பங்களிப்பு 2,500, இழப்பு 3,200, மாத இலாபம் 700 குறைகிறது. 265 மாறும் செலவான 240ஐவிட அதிகம்தானே என்று பழைய தாளை மனப்பாடம் செய்தவர் 'ஏற்கலாம்' என்பார். 20 நாற்காலியைக் கவனித்தவர் நின்று யோசிப்பார்.

அப்போது (ஈ)யில் கடன் நாளைக் குறைத்துவிடுங்கள், உடனே பணம் தருவதாகவே வையுங்கள். கூடவே, வரும் மாதங்களிலும் ஆர்டர் தர வாய்ப்பிருப்பதாக விடுதி சொல்கிறது என்று ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் எல்லாக் காரணங்களும் 'வேண்டாம்' பக்கமே சாய்ந்து, எடை போட ஒன்றும் மிஞ்சாது.